4 பேர் குழம்பை 24 பேருக்கு வைக்கும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் விருந்து என்றதும் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். தினமும் நன்றாக வரும் குழம்பு, கூட்டத்துக்கு வைக்கும்போது மட்டும் ஏன் நீர்த்துப் போகிறது, ஏன் அடிப்பிடிக்கிறது, உப்பை எப்படிப் போடுவது என்று. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதில்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணம்: 4 பேருக்கான கோழிக் குழம்பை 24 பேருக்கு வைப்பது.

"எல்லாத்தையும் ஆறால பெருக்கிட்டா போதும்தானே?"

போதாது. நான் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். குழம்பு ரசம்போல ஓடியது, வாயில் வைத்தால் கிராம்பு வாசனைதான் முன்னால் வந்து நின்றது. கோழி, வெங்காயம், தக்காளி போன்றவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பெருக்கலாம். தண்ணீர், எண்ணெய், முழு மசாலா, நேரம் ஆகிய நான்கும் அந்தக் கணக்குக்குள் வராது.

எண்ணெய் பாத்திரத்தின் அடிப்பரப்பைப் பொறுத்தது. தண்ணீர் எவ்வளவு ஆவியாகிறது என்பது அடுப்பின் சூட்டைப் பொறுத்தது. சமையல் ஆறு மடங்கு ஆனாலும் அடிப்பரப்பு ஆறு மடங்கு ஆவதில்லை, அடுப்போ அதே அடுப்புதான். கீழே வரும் பதில்கள் பலவும் இந்த இரண்டு விஷயத்திலிருந்து வருபவையே.

கையில் இருக்கும் 4 பேர் அளவு இது: கோழி 750 கிராம், வெங்காயம் 250 கிராம், தக்காளி 200 கிராம், எண்ணெய் 3 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, மல்லித்தூள் 3 தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, கிராம்பு 3, ஏலக்காய் 2, பட்டை ஒரு துண்டு, உப்பு 14 கிராம், தண்ணீர் அரை லிட்டர். வெந்து இறக்கும்போது சுமார் 1,350 கிராம் குழம்பு இருக்கும். அதாவது ஒருவருக்கு 340 கிராம் வரை.

"24 பேர் வர்றாங்கன்னா 24 பேர் அளவுதான் வைக்கணுமா?"

குழம்பு மட்டும்தான் முக்கிய உணவு என்றால் ஆமாம், ஆறு மடங்கு வேண்டும். கூட இன்னும் இரண்டு மூன்று வகைகள் இருந்தால் ஒவ்வொன்றையும் எல்லோரும் குறைவாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அப்போது நான் நாலரை மடங்கு வைப்பேன், இதுவரை பற்றாமல் போனதில்லை. சின்னக் குழந்தைகளை அரை ஆளாகக் கணக்கிடுங்கள்.

இங்கே ஆறு மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். கோழி நாலரை கிலோ, வெங்காயம் ஒன்றரை கிலோ, தக்காளி 1,200 கிராம். இறக்கும்போது சுமார் 8 கிலோ குழம்பு வரவேண்டும். இந்த 8 கிலோவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பாத்திரத்துக்கும் உப்புக்கும் இதுதான் அடிப்படை.

"எவ்வளவு பெரிய பாத்திரம் எடுக்கிறது? வாங்கவே பயமா இருக்கு."

8 கிலோ குழம்பு ஏறக்குறைய 8 லிட்டர் இடம் பிடிக்கும். பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரம்பக் கூடாது, கிளறும்போது வழியும். அப்படியென்றால் 12 லிட்டர் கொள்ளும் பாத்திரம் தேவை. வீட்டுப் பாத்திரம் எவ்வளவு கொள்ளும் என்று தெரியாவிட்டால் ஒரு லிட்டர் பாட்டிலால் தண்ணீர் ஊற்றி எண்ணிப் பாருங்கள். கண்ணால் பார்த்துச் சொன்னால் பெரும்பாலும் தப்பாகிறது.

அளவைவிட வடிவம் முக்கியம். உயரமான பாத்திரத்தில் அடியில் இருப்பது கருகும்போது மேலே இருப்பது கொதித்திருக்காது. அகலமாகவும் அடிகனமாகவும் இருப்பதே நல்லது. ஆனால் அடுப்பின் தீயைவிட ரொம்ப அகலமாகப் போனால் நடுவில் மட்டும் சூடேறி, ஓரங்கள் சும்மா கிடக்கும். அதனால் என் யோசனை என்னவென்றால், 12 பேருக்கு மேல் போனால் வீட்டு அடுப்பில் ஒரே பாத்திரத்தோடு மல்லுக்கட்டாமல், ஆறு ஏழு லிட்டர் கொள்ளும் இரண்டு பாத்திரங்களை இரண்டு அடுப்பில் வையுங்கள். வேலை கூடுவதுபோலத் தெரியும், ஆனால் நேரம் பாதியாகக் குறையும். ஒன்று அடிப்பிடித்தாலும் இன்னொன்று கைகொடுக்கும்.

"வெங்காயம் பொன்னிறமாவே வரமாட்டேங்குது. வெந்து வெந்து கூழா போயிடுது. ஏன்?"

வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஒன்றரை கிலோ வெங்காயத்துக்குள் ஒரு லிட்டருக்கும் மேலே தண்ணீர் இருக்கிறது. அந்தத் தண்ணீர் வெளியேறும் வரை பாத்திரத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தாண்டாமல் நிறமும் மாறாது. சாதாரண வீட்டு அடுப்பில் ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கவே ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். வீட்டில் கால் கிலோ வெங்காயம் பத்து நிமிடத்தில் வதங்குகிறதே என்று பழகிய கை, இங்கே பொறுமை இழந்து தக்காளியைப் போட்டுவிடுகிறது. குழம்பில் பச்சை வாசனை நிற்பது அதனால்தான்.

வழி இரண்டு. ஒன்று, வெங்காயத்தை மூன்று தவணையாகப் பிரித்து, வாணலியின் அடியில் மெல்லிய அடுக்காக மட்டும் போட்டு வதக்கி, கடைசியில் பெரிய பாத்திரத்தில் ஒன்றுசேர்ப்பது. ஓசை வைத்தே பதம் தெரியும்: முதலில் சலசலவென்று கொதிக்கும் ஓசை கேட்கும், நீர் போனதும் அது படபடவென்று பொரியும் ஓசையாக மாறும். நிறம் ஏறுவது அதற்குப் பிறகுதான். இன்னொரு வழி, முந்தின நாளே வதக்கி ஃபிரிட்ஜில் எடுத்து வைப்பது. நான் இப்போது இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

எண்ணெய் 18 மேசைக்கரண்டி வேண்டாம். ஒரே பாத்திரம் என்றால் 10, பிரித்து வதக்கினால் 12 போதும். முழுசாகப் பெருக்கி ஊற்றினால் இறக்கியபின் மேலே எண்ணெய் தனியாக மிதக்கும்.

"தண்ணி எவ்வளவு ஊத்தினாலும் நீர்த்துதான் போகுது. என்ன கணக்கு?"

4 பேர் குழம்பில் நீங்கள் ஊற்றும் அரை லிட்டரில் பெரும்பகுதி ஆவியாகவே போகிறது. பொருள்களை எல்லாம் கூட்டினால் 1,750 கிராம் வரும், இறக்கும்போது 1,350 தான். மீதி 400 கிராம் ஆவி. ஆறு மடங்கு செய்யும்போது ஆவியும் ஆறு மடங்கு, அதாவது 2,400 கிராம் போகும் என்றுதான் 3 லிட்டர் தண்ணீர் ஊற்றுகிறோம். ஆனால் அதே அடுப்பு அவ்வளவு ஆவியை அந்த நேரத்துக்குள் வெளியேற்றாது. வெங்காயம் வதங்கும்போது போவதையும் சேர்த்து 1,200 கிராம் போனாலே அதிகம். போகாமல் நிற்கும் அந்த ஒரு லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீர்தான் குழம்பை நீர்க்கச் செய்கிறது.

அதனால் ஒன்றரை லிட்டரில் ஆரம்பியுங்கள். பார்க்கக் கொஞ்சமாகத்தான் தெரியும், கோழித்துண்டுகள் பாதிக்குமேல் வெளியே தெரியும். பயப்படாதீர்கள், கோழியும் தக்காளியும் தண்ணீர் விடும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் பக்கத்து அடுப்பில் கொதிக்கவைத்த தண்ணீரைக் கால் லிட்டராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கிப்போய், மறுபடி கொதி வர ரொம்ப நேரம் பிடிக்கும்.

ஏற்கெனவே நீர்த்துவிட்டதா? முழுக் குழம்பையும் கொதிக்கவிட்டுச் சுண்டவைக்காதீர்கள், கோழி நாராகிவிடும். துண்டுகளைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, குழம்பை மட்டும் அகலமான இரண்டு பாத்திரங்களில் பிரித்துச் சுண்டவைத்து, அப்புறம் துண்டுகளைச் சேருங்கள்.

"உப்பு? அதுலதான் கை நடுங்குது."

உப்பு நேராகப் பெருகும், ஆனால் இறக்கும்போது இருக்கும் எடைக்குத்தான் பெருகும். 1,350 கிராமுக்கு 14 கிராம் என்பது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. 8 கிலோவுக்கும் அதே கணக்குப்படி 80 கிராம். எடை போட்டே எடுங்கள். தேக்கரண்டியில் எண்ணினால், குவித்து எடுத்த கரண்டிக்கும் தட்டி எடுத்த கரண்டிக்கும் இருக்கும் வித்தியாசம் ஒவ்வொரு கரண்டியிலும் சேர்ந்துகொண்டே போகும். கல் உப்பு, தூள் உப்பு இரண்டும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

80 கிராமையும் ஒரே தடவையில் போடாதீர்கள். 60 கிராமைச் சமைக்கும்போது போடுங்கள். மீதி 20 கிராமைக் கிண்ணத்தில் அடுப்புப் பக்கத்திலேயே வைத்து, கோழி வெந்து குழம்பு கெட்டியான பிறகு சேருங்கள். நீர்க்க இருக்கும்போது சரியாக இருந்த உப்பு, சுண்டியதும் கூடித் தெரியும்.

ருசி பார்க்கும் முறையும் முக்கியம். அடிவரை நன்றாகக் கிளறிவிட்டு, ஒரு கரண்டி எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றி ஆறவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க வாயில் விட்டால் நாக்குக்கு எதுவும் தெரியாது. எதனுடன் சாப்பிடப் போகிறார்களோ அதில் ஒரு வாய் பிசைந்து பாருங்கள். வெறும் குழம்பில் சற்றுத் தூக்கலாகத் தெரிவது சோற்றோடு சரியாக இருக்கும்.

"மிளகாய்த்தூளை அப்படியே பெருக்கினா எல்லாருக்கும் வாய் எரியுது. எவ்வளவு குறைக்கணும்?"

கணக்குப்படி வருவது 12 தேக்கரண்டி. முதலில் 8 போடுங்கள். உங்கள் வீட்டுக் காரம் உங்கள் வீட்டு நாக்குக்குப் பழகியது, வருகிறவர்களில் குழந்தைகளும் பெரியவர்களும் இருப்பார்கள். கூட்டத்துக்குப் புதிதாக ஒரு பாக்கெட் பிரித்தால் அதன் காரம் பழையதைப்போலவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது.

போதவில்லை என்றால் கூட்டுவது எளிது, ஆனால் தூளை நேராகக் குழம்பில் தூவாதீர்கள், பச்சை வாசனை போகவே போகாது. சின்னக் கரண்டியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, தூளைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றி அப்படியே குழம்பில் ஊற்றுங்கள். காரம் எண்ணெயில் இறங்கி, குழம்பு முழுவதும் ஒரே சீராகப் பரவும்.

மல்லித்தூளைக் குறைக்காதீர்கள். அதற்கு மணத்தோடு குழம்பைக் கெட்டியாக்கும் வேலையும் இருக்கிறது, 18 தேக்கரண்டியையும் போடலாம். மஞ்சள் 3 வரும், 2 போதும்.

"கிராம்பு 18 போடணுமா? கேட்கவே பயமா இருக்கே."

10 போதும். ஏலக்காய் 6 அல்லது 7, பட்டை 3 துண்டு. ஏன் குறைக்கிறோம் என்றால், 4 பேர் குழம்பில் ஒன்றரைக் கிராம்பு போட முடியாது, அதனால் வீட்டு அளவே கொஞ்சம் தாராளமாகத்தான் இருக்கும். அந்தத் தாராளத்தை ஆறால் பெருக்குகிறோம். அதோடு பெரிய பாத்திரம் சூடேறி, கொதித்து, ஆறுவதற்குள் இரண்டு மணி நேரமாவது முழு மசாலா அதற்குள் ஊறிக்கொண்டே இருக்கும். வீட்டில் அது அரை மணி நேரம்தான்.

இன்னொரு வழியும் உண்டு. எண்ணெயில் தாளிக்கப் பாதியை மட்டும் போட்டு, மீதியை மெல்லிய துணியில் சிறு முடிச்சாகக் கட்டிக் குழம்பில் போடுங்கள். வாசனை போதும் என்று தோன்றும்போது எடுத்துவிடலாம். பெரிய பாத்திரத்தில் கரண்டியால் துழாவித் துழாவிக் கிராம்பு தேடும் வேலை இருக்காது.

"நேரமும் ஆறு மடங்கு ஆகுமா? எப்ப ஆரம்பிக்கிறது?"

இரண்டையும் பிரித்துப் பாருங்கள்: கொதி வரும்வரை ஆகும் நேரம், கொதித்த பிறகு வேகும் நேரம். முன்னது அளவோடு சேர்ந்து கூடும். ஒரு லிட்டர் கொதிக்க ஐந்து நிமிடம் ஆகும் அடுப்பில் 6 லிட்டர் கொதிக்க அரை மணி நேரம் ஆகும். பின்னது கூடாது. கோழித்துண்டின் பருமன் அதேதான், கொதிக்கும் குழம்பின் சூடும் அதேதான். 25 நிமிடத்தில் வெந்தது இங்கேயும் 25 நிமிடத்தில் வேகும். சொல்லப்போனால் அதற்கும் முன்னால், ஏனென்றால் கொதி வரும்வரையிலான அரை மணி நேரமும் அது மெல்ல வெந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

இறக்கியபின் பெரிய பாத்திரம் சீக்கிரம் ஆறாது, உள்ளே வேகுவது தொடரும். கோழி முழுதாக வெந்துவிட்டதா என்று பாருங்கள்: பெரிய துண்டை எலும்போரம் பிளந்தால் சிவப்பு தெரியக் கூடாது, சாறு தெளிவாக வரவேண்டும். அந்த நிலை வந்ததும் உடனே அணைத்துவிடுங்கள், "இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கட்டும்" என்று விடாதீர்கள். உருளைக்கிழங்கு சேர்ப்பதாக இருந்தால் வீட்டில் போடுவதைவிடப் பெரிய துண்டாக நறுக்கிப் பிந்திப் போடுங்கள்.

வெங்காயம் வதக்குவதிலிருந்து கணக்குப் போட்டால் ஒரே அடுப்பில் இரண்டரை மணி நேரம். வெங்காயம் முந்தின நாளே தயார் என்றால் ஒன்றரை.

"குக்கர்ல வச்சா சீக்கிரம் ஆகும்ல?"

விசில் வந்தபின் வேகும் நேரம் கூடாது, முந்தின பதிலில் சொன்ன அதே காரணம்தான். ஆனால் விசில் வரும்வரையும், பிறகு அழுத்தம் அடங்கும்வரையும் ரொம்ப நேரம் ஆகும், அந்த நேரமெல்லாம் உள்ளே வெந்துகொண்டிருக்கும். அதனால் ஒரு விசில் குறைத்தே வையுங்கள். குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். பருப்புபோல நுரைத்துப் பொங்கும் பொருள் என்றால் பாதிதான். நுரை போய் ஆவி வெளியேறும் துளையை அடைத்தால் ஆபத்து. குக்கரில் ஆவி போகாததால் தண்ணீரை இன்னும் குறைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"உப்பு கூடிப்போச்சு. உருளைக்கிழங்கு போட்டா இழுத்துக்குமா?"

கிழங்கு தன்னளவுக்கு உப்புத் தண்ணீரை உறிஞ்சும், மீதிக் குழம்பின் கரிப்பு அப்படியே இருக்கும். உப்பில்லாத குழம்பைக் கூட்டுவதுதான் ஒரே வழி. எவ்வளவு கூட்ட வேண்டும் என்று கணக்கே போடலாம். 80 கிராம் போடவேண்டிய 8 கிலோவில் 96 கிராம் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 96 கிராம் உப்புக்கு 9,600 கிராம் குழம்பு வேண்டும். அப்படியென்றால் 1,600 கிராம் சேர்க்க வேண்டும். பச்சைத் தண்ணீராகச் சேர்த்தால் குழம்பு செத்துப்போகும்.

இதற்காகவே வெங்காயமும் தக்காளியும் வதங்கி மசாலா சேர்ந்ததும், உப்புப் போடுவதற்கு முன்னால், அதில் இரண்டு கரண்டி எடுத்துத் தனியே வைத்துவிடுவேன். உப்பு கூடினால் அதைக் கொதிநீரில் கரைத்து ஊற்றலாம், கூடாவிட்டால் கடைசியில் குழம்பிலேயே சேர்த்துவிடலாம்.

"கடைசி நேரத்துல இன்னும் ஆறு பேர் வர்றாங்கன்னு போன். தண்ணி ஊத்தி சமாளிக்கலாமா?"

சமாளிக்க முடியாது, 24 பேருக்கு நன்றாக வந்ததையும் கெடுத்துவிடும். சின்ன வாணலியில் ஒன்றரை மடங்கு வீட்டு அளவு, அதாவது 400 கிராம் வெங்காயமும் 300 கிராம் தக்காளியும் வதக்கி, அதற்கான தூள்களைப் போட்டு, அரை லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். இது வீட்டு அளவுக்குப் பக்கத்தில் இருப்பதால் நாற்பது நிமிடத்துக்குள் முடியும். அதற்கான உப்பை அதிலேயே போட்டு ருசி சரிபார்த்த பிறகு பெரிய பாத்திரத்தில் கலவுங்கள். கோழி கூட வேண்டும் என்றால் சிறு துண்டாக வெட்டி இதிலேயே வேகவைத்துக்கொள்ளலாம்.

"அடிப்பிடிச்சுடுச்சு. கிளறினா சரியாயிடுமா?"

கிளறவே கிளறாதீர்கள்! கரண்டி அடியில் வழுக்காமல் சொரசொரவென்று தட்டினால், அல்லது கருகல் வாசனை லேசாக வந்தால், உடனே அடுப்பை அணைத்துவிட்டு, மேலே இருப்பதை அடியைத் தொடாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அடியில் மூன்று நான்கு கரண்டி போகட்டும், அதை மிச்சம் பிடிக்கப் போனால் மொத்தமும் கருகல் வாசனை அடிக்கும். மாற்றியதைக் கொஞ்சம் ஆறவிட்டு ருசி பாருங்கள், பெரும்பாலும் தப்பித்திருக்கும்.

குழம்பு கெட்டியாகும் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் இது அதிகம் நடக்கும். அப்போது தீயைக் குறைத்து, முனை தட்டையான நீளக் கரண்டியால் அடியைத் தேய்த்துக் கிளறுங்கள்.

"முந்தின நாளே வச்சுட்டா நிம்மதியா இருக்கலாமே? ருசியும் கூடுமே?"

ருசி கூடும், உண்மைதான். கஷ்டம் என்னவென்றால் 8 கிலோ குழம்பு மூடிய பாத்திரத்தில் ராத்திரி முழுவதும் ஆறாமல் இருக்கும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெதுவெதுவென்று மணிக்கணக்கில் நிற்கும் இறைச்சிக் குழம்பில், கொதியிலும் சாகாமல் தப்பிய நுண்ணுயிர் வித்துகள் முளைத்துப் பெருகும். மறுநாள் நன்றாகச் சூடாக்கினாலும், சில வகைக் கிருமிகள் அதற்குள் விட்டுவைத்த நச்சு போகாது. அடுத்த நாள் வயிற்றுக்கு ஆகாமல் போவதற்குப் பெரிய பாத்திரம் பொதுவான ஒரு காரணம்.

அதனால் இறக்கியதும் நான்கைந்து அகலத் தட்டுகளிலோ பாத்திரங்களிலோ மூன்று விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றுங்கள். அவற்றைக் குளிர்ந்த தண்ணீர் நிறைந்த தொட்டியில் வைத்துக் கிளறிக்கொடுத்தால் சீக்கிரம் ஆறும். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். மறுநாள் பிரித்தே சூடாக்கி, ஒவ்வொன்றும் நடுவிலும் தளதளவென்று கொதித்த பிறகு ஒன்றுசேருங்கள். ராத்திரியில் கெட்டியாகியிருக்கும், அரை லிட்டர் வரை கொதிநீர் கேட்கும். அந்த 20 கிராம் உப்பைக் கிண்ணத்தில் மீதி வைத்திருந்தால், இந்தக் கொதிநீர் கலந்தபின் ருசி பார்த்துப் போட வேண்டிய இடம் இதுதான்.